கூப்பன் ஏற்கப்பட்டது; தள்ளுபடி எங்கே போனது?

மைசூர் ஹெப்பாள், ஊட்டகள்ளி தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் தமிழர்களில் பலர் இன்று மிக்சி, குக்கர், துணிமணி எல்லாவற்றையும் செல்போனிலேயே வாங்குகிறார்கள். கடைக்குப் போய் வர நேரமில்லை என்பது ஒரு காரணம். கூப்பன் தள்ளுபடி இன்னொரு காரணம். "கூப்பன் ஏற்கப்பட்டது" என்று திரையில் வருகிறது. ஆனால், வங்கிக் கணக்கில் முழு விலையும் கழிந்து விடுகிறது!

இது எப்படி நடக்கிறது?

ஒரு தொழிலாளி மிக்சி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை ரூ.2,200. கூப்பன் தள்ளுபடி ரூ.300. திரை ரூ.1,900 என்று காட்டுகிறது. அப்போதுதான் போனில் பதிந்திருப்பது கிருஷ்ணகிரி வீட்டு முகவரி என்பதை அவர் கவனிக்கிறார். அதை மைசூர் முகவரியாக மாற்றிவிட்டுப் பணம் கட்டுகிறார். கழிந்த தொகையோ ரூ.2,200!

முகவரி மாறியதும், அதே மிக்சியை வேறொரு விற்பனையாளர் அனுப்பும் நிலை வரலாம். கூப்பன் முதல் விற்பனையாளரின் சரக்குக்கு மட்டும் உரியதாக இருந்தால், அது சத்தமில்லாமல் விழுந்து விடும். கூப்பனைக் கணினி ஒரு முறை மட்டும் சோதிப்பதில்லை. முகவரி, பொருள், பணம் கட்டும் முறை ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் மீண்டும் கணக்குப் போடும். குறிப்பிட்ட வங்கி அட்டைக்கு மட்டும் உரிய தள்ளுபடி, யு.பி.ஐ. மூலம் கட்டும்போது மறைவது இதனால்தான்.

சில கூப்பன்களில் விலை குறைவதே இல்லை. முழுத் தொகையும் வாங்கிக்கொண்டு, தள்ளுபடியைச் சில நாள் கழித்துத் திருப்பித் தருவார்கள். நிபந்தனையில் "கேஷ்பேக்" என்று இருந்தால், அது இந்த வகை. புகார் செய்யும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

வாங்கும் பக்கத்தில் காட்டிய தொகையைவிட அதிகமாக வசூலிப்பதை, மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் தடை செய்கின்றன. ரூ.1,900 என்று காட்டிவிட்டு ரூ.2,200 எடுத்திருந்தால், அது இந்தத் தடையில் வரும். ஆனால், பணம் கட்டும் முன் ரூ.2,200 என்று தெளிவாகத் திரையில் வந்து, அதைப் பார்க்காமல் ரகசிய எண்ணை அழுத்தியிருந்தால் வழக்கு பலவீனமாகி விடும்.

ஆர்டர் கொடுத்த பிறகு விலை ஏறினால்?

ஒப்புக்கொண்ட விலைக்கு மேல், வாங்கியவரின் சம்மதம் இல்லாமல் கூடுதல் பணம் கேட்க முடியாது. பொருளை அனுப்பும் முன் ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரும் உரிமையைப் பல நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளில் வைத்துக்கொள்கின்றன. மாறாக, விலை இறங்கிவிட்டால் வித்தியாசத்தைக் கேட்டு வாங்குவது கடினம். பொருள் புறப்படும் முன் ரத்து செய்து, புதிதாக ஆர்டர் கொடுப்பதே வழி.

பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

மூன்று சான்றுகள் வேண்டும். கூப்பன் ஏற்கப்பட்டு விலை குறைந்த திரையின் படம், ஆர்டர் ரசீது, பணம் கழிந்ததற்கான வங்கிக் குறுஞ்செய்தி. முதல் படத்தைப் பணம் கட்டும் முன்பே எடுத்துவிட வேண்டும். பிறகு அந்தத் திரை கிடைக்காது.

இவற்றோடு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் நிறுவனத்தின் தளத்திலேயே இருக்க வேண்டும். வெளியே தேடிக் கிடைக்கும் எண்களில் மோசடிக்காரர்கள் காத்திருப்பார்கள். பணம் திரும்பி வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அதை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். தமிழிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்திடம் பேசித் தீர்க்க முயல்வார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

அந்த அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு உண்டு. நிறுவனம் மும்பையில் இருந்தாலும், வாங்கியவர் மைசூரில் வசித்தாலோ வேலை செய்தாலோ மைசூர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019-ம் ஆண்டுச் சட்டம் இந்த வசதியைத் தந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை.

ஆனாலும், ரூ.300-க்காக வேலையை விட்டுவிட்டு ஆணையத்துக்கு நடப்பது லாபமா என்பதை அவரவர் யோசிக்க வேண்டும். பெரும்பாலான தகராறுகளைத் தவிர்க்க ஒரே ஒரு பழக்கம் போதும். ரகசிய எண் கேட்கும் திரையில் ஒரு தொகை இருக்கும். கணக்கிலிருந்து கழியப் போவது அதுதான். அது கூப்பன் விலையோடு பொருந்தவில்லை என்றால், எண்ணை அழுத்தாமல் திரும்பி வந்துவிட வேண்டும்.