பதினாறு ஜிபிக்குள் ஒரு மொழி மாதிரி

மெட்டா நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட லாமா 2 மாதிரிகளில் மிகச் சிறியது 7பி. சிறியது என்றாலும் அதற்குள் சுமார் 674 கோடி எண்கள் இருக்கின்றன. மாதிரிக்குத் தெரிந்ததெல்லாம் இந்த எண்களில்தான் பதிந்திருக்கிறது. துறைக்காரர்கள் இவற்றை எடைகள் என்பார்கள். ஓர் எடைக்கு இரண்டு பைட் என்று வைத்தால் மொத்தம் பதின்மூன்றரை ஜிபி. கூகுள் கோலாபில் இலவசமாகக் கிடைக்கும் டி4 ஜிபியுவின் நினைவகம் 16 ஜிபி. ஆக, மாதிரி அதற்குள் நெருக்கியடித்து உட்கார்ந்துவிடும். கேள்வி கேட்டால் பதிலும் சொல்லும். ஆனால் அதற்குப் புதிதாக எதையாவது கற்றுக்கொடுக்க முயன்றால், சில விநாடிகளில் திரையில் இந்த வரி வந்துவிடும்:

```
CUDA out of memory
```

காரணம், பயிற்சியின்போது எடைகளைத் தவிர வேறு பல கணக்குகளையும் வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதுதான். மாதிரி ஒரு தவறு செய்கிறது. அதைத் திருத்த ஒவ்வோர் எடையும் எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று ஓர் எண் கிடைக்கும். அதற்கு இரண்டு பைட். பரவலாகப் பயன்படும் ஆடம் என்ற திருத்தும் முறை, ஒவ்வோர் எடையும் இதுவரை எப்படி நகர்ந்து வந்தது என்பதை இரண்டு எண்களாக நினைவில் வைத்துக்கொள்ளும். நான்கு நான்கு பைட்டாக எட்டு. மிகச் சிறிய திருத்தங்கள் தொலைந்துபோகாமல் இருக்க எடையின் துல்லியமான நகல் ஒன்றுக்கு இன்னொரு நான்கு. எல்லாம் சேர்த்தால் ஓர் எடைக்கு 16 பைட், மாதிரிக்கு ஏறத்தாழ 108 ஜிபி. மாதிரியைவிட அதன் கணக்குப் புத்தகம்தான் பல மடங்கு பெரிது.

2021-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட லோரா என்ற முறை கைவைத்தது இந்தக் கணக்குப் புத்தகத்தில்தான். பழைய எடைகளை அப்படியே உறையவைத்துவிடு, அவற்றில் செய்ய வேண்டிய மாற்றத்தை மட்டும் தனியாகக் கற்றுக்கொள் என்கிறது அது. இதில் ஒரு சிக்கல் உண்டு. மாற்றத்தை எழுதி வைக்கவும் பழைய எடைகளின் எண்ணிக்கை அளவுக்கே எண்கள் வேண்டுமே, பிறகு என்ன மிச்சம்?

பெருக்கல் வாய்ப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு வரிசை, நூறு பத்தி என்று எழுதினால் பத்தாயிரம் எண்கள். ஆனால் மேலே ஒன்றிலிருந்து நூறு வரை, பக்கவாட்டில் ஒன்றிலிருந்து நூறு வரை என இருநூறு எண்கள் கையில் இருந்தால் முழு அட்டவணையையும் பெருக்கியே வரவழைத்துவிடலாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் அணியின் தரம் என்று படித்தது இதுதான். வாய்ப்பாடு தரம் 1 உள்ள அணி. இப்படிப் பதினாறு அட்டவணைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் கிடைப்பதன் தரம் அதிகபட்சம் 16. ஏற்கெனவே நன்றாகப் பயின்ற ஒரு மாதிரியைக் குறிப்பிட்ட வேலைக்குத் திருப்பும்போது தேவைப்படும் மாற்றம் இப்படிக் குறைந்த தரத்துக்குள் அடங்கிவிடும் என்பதுதான் லோராவின் ஊகம். எல்லா வேலைக்கும் இது பொருந்துவதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

லாமாவுக்குள் 4096-க்கு 4096 அளவுள்ள அணிகள் பல. ஒன்றில் 1.68 கோடி எண்கள். அதன் மாற்றத்தை, 4096 நீளமும் 16 அகலமும் உள்ள இரண்டு மெல்லிய அணிகளின் பெருக்கமாக எழுதினால் 1,31,072 எண்கள் போதும். 128-இல் ஒரு பங்கு. மாதிரியின் 32 அடுக்குகளிலும் உள்ள எல்லா முக்கிய அணிகளுக்கும் இதைச் செய்தால் பயிற்றுவிக்க வேண்டியவை சுமார் நான்கு கோடி எடைகள். அந்த 16 பைட் செலவு இப்போது இந்த நான்கு கோடிக்கு மட்டும்தான். 108 ஜிபி போய் 0.64 ஜிபி ஆகிறது.

இந்த மெல்லிய அணிகளில் ஒன்றைத் தற்செயல் எண்களாலும் மற்றொன்றை முழுக்கச் சுழியாலும் நிரப்பித் தொடங்குவார்கள். பெருக்கம் சுழி என்பதால் முதல் நொடியில் மாதிரி பழைய மாதிரியேதான். அங்கிருந்து மெல்ல விலகும். இரண்டையுமே சுழியாக்கினால் திருத்தமும் எப்போதும் சுழியாகவே வரும், மாதிரி எதையுமே கற்காது.

உறைந்த எடைகளின் பதின்மூன்றரை ஜிபி மிச்சமிருக்கிறது. 2023 மே மாதம் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் க்யூலோரா என்ற பெயரில் அதையும் சுருக்கினார்கள். மாறப்போகாத எண்களை அவ்வளவு துல்லியமாக வைத்திருப்பானேன்? ஓர் எடைக்கு நான்கு பிட், அதாவது அரை பைட்டே போதும் என்றார்கள். இப்போது லாமா 7பி, லோரா, அதன் கணக்குப் புத்தகம் எல்லாம் சேர்த்து நாலரை ஜிபி சொச்சம். மீதி இடம் பயிற்சி வாக்கியங்கள் மாதிரிக்குள் ஓடும்போது பிறக்கும் இடைக்கால எண்களுக்கு. வாக்கியம் நீளமானால் இந்தப் பகுதி வீங்கும். லோரா போட்ட பிறகும் நினைவகம் போதவில்லை என்று வந்தால் பலரும் முதலில் தரத்தைக் குறைக்கிறார்கள். அதில் சில நூறு எம்பிதான் மிஞ்சும். குறைக்க வேண்டியது வாக்கிய நீளத்தையும், ஒரே நேரத்தில் ஊட்டும் வாக்கியங்களின் எண்ணிக்கையையும்.

இதுவரை சொன்னது ஆங்கிலத்துக்குச் சரி. லாமா 2-இன் சொற்துண்டுப் பட்டியலில் உள்ளவை 32,000 டோக்கன்கள். தமிழுக்கென்று இருப்பவை மிகச் சொற்பம். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரே சொல் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்துபோகும். அதனால்தான் 2023 இறுதியில் வந்த தமிழ்-லாமா என்ற மாதிரியில் 16,000 தமிழ் டோக்கன்களைச் சேர்த்து 48,000 ஆக்கினார்கள். புதிய டோக்கன்களுக்குப் பழைய எடையே கிடையாது, எனவே அங்கே சின்ன மாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்ளே நுழையும் அட்டவணை, வெளியே வரும் அட்டவணை இரண்டையும் முழுதாகப் பயிற்றுவிக்க வேண்டும்:

```python
LoraConfig(r=16, lora_alpha=16,
    target_modules="all-linear",
    modules_to_save=["embed_tokens", "lm_head"])
```

கடைசி வரியின் விலையைப் பாருங்கள். 48,000 பெருக்கல் 4096, அப்படி இரண்டு: சுமார் 39 கோடி எடைகள். ஓர் எடைக்கு 16 பைட் என்றால் 6 ஜிபிக்கு மேல். லோராவைப் போலப் பத்து மடங்கு. நாலரை ஜிபியில் முடிந்த கணக்கு 11 ஜிபி பக்கம் போய், டி4-இல் மூச்சுவிட இடம் குறைகிறது. இந்தச் சுமையை நாம் ஏற்க நேர்வது, அந்தப் பட்டியலைத் தயாரித்தபோது தமிழுக்கு இடம் ஒதுக்காததால்தான்.

லோராவின் எல்லை தெரிவதும் இங்கேதான். 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, நிரல் எழுதுதல், கணிதம் ஆகியவற்றில் லோராவை முழுப் பயிற்சியோடு ஒப்பிட்டது. லோரா குறைவாகக் கற்றது. பழையதை மறந்ததும் குறைவு. பதில் சொல்லும் பாணியை மாற்றவோ, மனுவைச் சுருக்கித் தரப் பழக்கவோ தரம் 16 தாராளம். தமிழே சரியாகத் தெரியாத மாதிரிக்கு ஆயிரம் கேள்வி பதில்களைக் காட்டித் தமிழ் சொல்லிக்கொடுக்க முடியாது.

நினைவகச் சிக்கல் தீர்ந்து, பிழை அளவும் ஒழுங்காக இறங்கி, பயிற்சி முடிந்த பிறகும் ஒரு கோளாறு அடிக்கடி தலைகாட்டும். மாதிரி சரியான பதிலைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல் தானே அடுத்த கேள்வியை எழுதி, அதற்கும் பதில் சொல்லிக்கொண்டே போகும். லாமா 2-இல் வெற்றிடம் நிரப்பத் தனி டோக்கன் இல்லை என்பதால் முடிவைக் குறிக்கும் டோக்கனையே அதற்கும் வைத்துவிடுவார்கள். பயிற்சி நிரல் வெற்றிடங்களைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கும். கூடவே உண்மையான முடிவுக்குறியும் ஒதுங்கிவிடும். எங்கே நிறுத்துவது என்று மாதிரிக்கு யாருமே காட்டவில்லை. இதற்கு எடைகளைத் தொட வேண்டாம். வெற்றிடத்துக்கு வேறொரு டோக்கனைக் கொடுத்து, ஊட்டப்போகும் முதல் வாக்கியத்தின் இறுதியில் முடிவுக்குறி கணக்கில் இருக்கிறதா என்று ஒரு முறை அச்சிட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி ஓடவிட வேண்டியதுதான்.