27 போட்டி... 5 ஹோம் வெற்றி! காலி மைதானத்தில் பந்தய மாடல் பழுதானால் கண்டுபிடிப்பது எப்படி?

கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்றுபோன ஜெர்மனியின் புண்டஸ்லிகா கால்பந்துத் தொடர், மே 16ஆம் தேதி மீண்டும் தொடங்கியது. ஆனால் மைதானத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. முதல் சுற்றின் 9 போட்டிகளில் சொந்த மைதானத்தில் ஜெயித்தது ஒரே ஒரு அணிதான். ஷால்கேவை 4-0 என்று வீழ்த்திய டோர்ட்மண்ட். அடுத்த சுற்றில் 2 ஹோம் வெற்றி, அதற்கடுத்த சுற்றில் மறுபடியும் 2. ஆக மொத்தம் 27 போட்டிகளில் 5.

அந்த சீசனில் அதுவரை ரசிகர்கள் முன்னிலையில் நடந்த 223 போட்டிகளில் சுமார் 43 சதவீதம் ஹோம் அணிக்கே வெற்றி. பழைய ஆட்டங்களைப் படித்து, யார் ஜெயிப்பார் என்று கணித்துப் பந்தயம் கட்டும் கம்ப்யூட்டர் மாடல்கள் எல்லாமே இந்த 'சொந்த மைதான பலத்தை' ஒரு எண்ணாக உள்ளே வைத்திருப்பவை. அந்த எண் திடீரென்று பொய்யாகிவிட்டால் என்ன செய்வது? அதைவிட முக்கியமாக, பொய்யாகிவிட்டது என்று எத்தனை வாரத்தில் தெரியும்?

(இந்தியாவில் பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்துள்ளது. இங்கே பேசப்படுவது, பந்தயம் சட்டப்படி நடக்கும் நாடுகளில் இந்த மாடல்களை எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்பது பற்றி மட்டுமே.)

லாப நஷ்டத்தைப் பார்த்தால் போதாதா?

போதாது. காரணம் எளிமையானது. கட்டிய பணம் இரட்டிப்பாகத் திரும்பும் பந்தயங்களில் மட்டும், ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய் கட்டும் ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம். அது உண்மையிலேயே நல்ல மாடல், நீண்ட ஓட்டத்தில் பந்தயத்துக்கு 3 ரூபாய் லாபம் தரும் என்று வைத்துக்கொள்வோம். 100 பந்தயம் முடிந்ததும் கையில் 300 ரூபாய் லாபம் இருக்க வேண்டும். ஆனால் வெறும் அதிர்ஷ்டத்தால் மட்டுமே இந்தத் தொகை 1,000 ரூபாய் வரை மேலேயோ கீழேயோ போவது சர்வசாதாரணம். 1,000 பந்தயம் கட்டினாலும் எதிர்பார்க்கும் லாபமும் அதிர்ஷ்டத்தின் ஆட்டமும் ஏறக்குறைய சமமாகத்தான் இருக்கும், இரண்டுமே 3,000 ரூபாய் அளவில்.

அதாவது நல்ல மாடல் பல மாதங்கள் நஷ்டம் காட்டலாம். கெட்டுப்போன மாடல் அதே காலத்தில் லாபம் காட்டவும் செய்யலாம். இரண்டாவதுதான் ரொம்ப ஆபத்து. பணம் வந்துகொண்டிருக்கும்போது யாரும் பானட்டைத் திறந்து பார்ப்பதில்லை!

அப்போ வாராவாரம் எதைப் பார்க்கிறார்கள்?

முதலில், மாடல் சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு போட்டிக்கும் மாடல் ஒரு வாய்ப்பைச் சொல்கிறது. பேயர்ன் மியூனிக் சொந்த மண்ணில் ஆடினால் வாய்ப்பு அதிகம், சின்ன அணி ஆடினால் குறைவு. ஒரு வாரத்தின் எல்லா வாய்ப்புகளையும் கூட்டினால், அந்த வாரம் எத்தனை ஹோம் வெற்றி வர வேண்டும் என்பது கிடைத்துவிடும். கணக்கு எளிதாக இருக்க, சராசரியாக 43 சதவீதம் என்றே எடுத்துக்கொள்வோம். 9 போட்டிக்கு ஏறக்குறைய 4 ஹோம் வெற்றி.

முதல் வாரம் வந்தது 1. இது பெரிய அதிர்ச்சி மாதிரி தெரிந்தாலும், மாடல் சரியாக இருந்தாலேகூட 20 வாரத்தில் ஒரு வாரம் இப்படி நடக்கும். சீசனுக்கு 34 சுற்று. ஆக, ஒன்றிரண்டு வாரம் இப்படி வந்தே தீரும். அப்படி வரும் ஒவ்வொரு முறையும் மாடலைப் பிரித்துப் போட்டால், நல்ல மாடலையும் நோண்டி நோண்டியே கெடுத்துவிடுவார்கள்.

அதனால் ஒரு வாரத்தைத் தனியாகப் பார்க்காமல், குறையைச் சேர்த்துக்கொண்டே போகும் முறை ஒன்று இருக்கிறது. பெயர் 'க்யூசம்'. பிரிட்டன் புள்ளியியலாளர் ஈ.எஸ். பேஜ் 1954இல் வெளியிட்டது, தொழிற்சாலைப் பொருட்களின் தரத்தைக் கண்காணிக்கும் வேலையிலிருந்து வந்தது. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தில் இருந்து, 'சரி, இவ்வளவு நடக்கக்கூடியதுதான்' என்று ஒரு சின்ன சலுகையைக் கழிப்பார்கள். மீதியை போன வாரக் கணக்கோடு சேர்ப்பார்கள். கணக்கு பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பூஜ்ஜியத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ஒரு வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை மணி.

புண்டஸ்லிகாவுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். சலுகை வாரத்துக்கு 0.75, வரம்பு 4 என்று வைப்போம். முதல் வாரம் எதிர்பார்த்தது 3.9, வந்தது 1. குறை 2.9, சலுகை போக சுமார் 2.1. இரண்டாவது வாரம் வந்தது 2. சலுகை போக 1.1 சேர்ந்து கணக்கு 3.2 ஆகிறது. மூன்றாவது வாரமும் அதே 2. கணக்கு 4.4. மணி அடித்துவிட்டது!

இந்த வரம்பில், நல்லபடியாக இருக்கும் மாடலுக்குப் பொய்யாக மணி அடிப்பது ஏறக்குறைய 80 வாரத்துக்கு ஒருமுறைதான், அதாவது இரண்டு சீசனுக்கு மேல். வரம்பை இன்னும் உயர்த்தினால் பொய் மணி குறையும், ஆனால் நிஜமான பழுது தெரிய இன்னும் சில வாரம் ஆகும். அந்தச் சில வாரமும் பணம் போய்க்கொண்டிருக்கும். எவ்வளவு தாங்கலாம் என்பதை வைத்துத்தான் வரம்பு போடுகிறார்கள். அதை சீசன் தொடங்கும் முன்பே போட்டு எழுதி வைத்துவிட வேண்டும். தோற்றுக்கொண்டிருக்கும்போது வரம்பு போட உட்கார்ந்தால், மனசு தனக்கு வசதியான எண்ணைத்தான் சொல்லும்.

சந்தை சொல்லும் ரகசியம்

இன்னொரு அளவுகோல், போட்டி தொடங்கும் கடைசி நொடியில் சந்தையில் இருக்கும் பந்தய விகிதம். 'க்ளோசிங் லைன்' என்பார்கள். அணிப்பட்டியல், காயம், வானிலை, பெரிய புள்ளிகளின் பணம் எல்லாம் சேர்ந்த பிறகு வரும் விலை என்பதால், பெரிய லீக்குகளில் அதுதான் கிடைப்பதிலேயே துல்லியமான கணிப்பாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. மாடல் ஓர் அணி மீது 2.10 விலையில் கட்டி, கடைசியில் அந்த விலை 2.00க்கு இறங்கினால், மாடல் சந்தையைவிட 5 சதவீதம் முந்திவிட்டது என்று அர்த்தம். அந்த அணி ஜெயித்ததா தோற்றதா என்பதே இங்கே தேவையில்லை. அதனால்தான் லாபக் கணக்கில் ஆயிரம் பந்தயத்திலும் தெரியாத விஷயம், இதில் ஒரு நூறு பந்தயத்திலேயே தெரிய ஆரம்பிக்கும்.

பழைய நினைப்பிலேயே இருக்கும் ஒரு மாடலை 2020 மே மாதத்தில் கற்பனை செய்து பாருங்கள். ஹோம் அணி எல்லாம் மலிவாகக் கிடைப்பது போல அதற்குத் தெரியும், வாங்கிக் குவிக்கும். சந்தையோ காலி மைதானத்தைப் புரிந்துகொண்டு எதிர்ப்பக்கம் நகரும். 2.20க்கு வாங்கியது 2.30இல் முடியும். வாராவாரம் இதே கதை, அதுவும் ஹோம் அணிகளில் மட்டும் என்றால், பழுது எங்கே என்று இடத்தையே காட்டிக் கொடுத்துவிடும்.

வேறொரு வகைச் சரிவும் உண்டு. மாடலின் கணிப்பும் முடிவுகளும் முன்பு போலவே ஒத்துப்போகின்றன, ஆனால் சந்தையை முந்தும் அந்த 5 சதவீதம் 3 ஆகி, 1 ஆகி, காணாமலே போகிறது. இங்கே மாடல் கெடவில்லை. மற்றவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அதே தகவலை வைத்து எத்தனை முறை மறுபயிற்சி கொடுத்தாலும் போன முன்னிலை திரும்பாது. புதிதாக வேறு தகவல் கிடைக்காவிட்டால் அந்த லீக்கில் நிறுத்திவிடுவதுதான் சரி.

மறுபயிற்சி கொடுத்தால் சரியாகிவிடுமா?

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். மணி அடித்ததும் முதலில் பார்க்க வேண்டியது தகவல் வரும் குழாயை. அணியின் பெயர் வேறு எழுத்தில் வந்திருக்கலாம், ஹோம்-அவே இடம் மாறிப் பதிவாகியிருக்கலாம். அப்படி இருந்தால் குழாயைச் சரிசெய்தால் போதும், மாடலைத் தொட வேண்டாம்.

குழாய் சரி, உலகம்தான் மாறியிருக்கிறது என்றால்? புதிய போட்டிகளைச் சேர்த்து 'ரீ-ட்ரெயின்' பட்டனை அழுத்திப் பார்ப்போம். ரசிகர்களோடு நடந்த 223 போட்டியில் ஏறக்குறைய 97 ஹோம் வெற்றி. அதோடு 27 போட்டியில் வந்த 5ஐச் சேர்த்தால் 250க்கு 102. கிட்டத்தட்ட 41 சதவீதம். 43 இருந்தது 41 ஆனது, அவ்வளவுதான். பழைய தகவலின் பாரத்தில் புதிய செய்தி நசுங்கிவிட்டது.

சரி, பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு புதிய 27 போட்டியை மட்டும் வைத்துப் பயிற்சி கொடுத்தால்? 18.5 சதவீதம்தான் வரும். அதுவும் தப்பு. ஏனென்றால் அந்த சீசனில் ரசிகர்கள் இல்லாமல் நடந்த 83 போட்டிகளையும் சேர்த்துப் பார்த்தால், ஹோம் வெற்றி மூன்றில் ஒரு பங்கு அளவில் வந்து நின்றது. முதல் மூன்று வாரம் காட்டியது நிஜமான மாற்றம், ஆனால் மிகைப்படுத்திக் காட்டிய மாற்றம்.

பிரிட்டனின் மார்க் டிக்சனும் ஸ்டூவர்ட் கோல்ஸும் 1997இல் வெளியிட்ட புகழ்பெற்ற கால்பந்து மாடலில், பழைய போட்டிகளின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரும் வழி இருக்கிறது. அணிகள் மெல்ல மாறும்போது அது அருமையாக வேலை செய்யும். ஆனால் ஒரே நாளில் மைதானம் காலியாகும்போது அதற்கும் பல வாரம் பிடிக்கும். இந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது, 'ரசிகர் உண்டா, இல்லையா' என்று மாடலுக்குள் தனியாக ஒரு சுவிட்ச் வைப்பதுதான். ரசிகர் இல்லாதபோது சொந்த மைதான பலத்தை எவ்வளவு குறைப்பது என்பதை மட்டும் புதிய போட்டிகள் சொல்லட்டும். அதையும் முழுசாக நம்பிவிடாமல், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் நடுவே நிறுத்தி, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம். அணிகளின் பலம் பற்றி மாடல் ஏற்கெனவே கற்றது அப்படியே பத்திரமாக இருக்கும்.

திருத்திய மாடலை உடனே பணத்தோடு இறக்கிவிட மாட்டார்கள். பழைய மாடலின் பந்தயத் தொகையைப் பாதியாக்குவார்கள், அல்லது சுத்தமாக நிறுத்துவார்கள். புதியது சில வாரம் காகிதத்தில் மட்டும் பந்தயம் கட்டும். இரண்டையும் ஒரே போட்டிகளில், பயிற்சியில் காட்டாத போட்டிகளில், அதே க்ளோசிங் லைனோடு ஒப்பிடுவார்கள். ஒரே போட்டிகள் என்பது முக்கியம். யாருமே எதிர்பார்க்காத முடிவுகள் வரும் வாரத்தில் எல்லாக் கணிப்பும் அடிவாங்கும், சந்தையும் சேர்த்துத்தான்.

இந்த மாற்றம் ஜெர்மனியோடு நிற்கவில்லை. பெரும்பாலும் காலி மைதானத்தில் நடந்த 2020-21 இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஹோம் அணிகள் 144 போட்டியிலும், வெளியூர் அணிகள் 153 போட்டியிலும் ஜெயித்தன. அந்த லீக்கின் வரலாற்றில் வெளியூர் வெற்றி முந்தியது அதுவே முதல் முறை. அடுத்த சீசனில் ரசிகர்கள் திரும்பி வந்தார்கள், ஹோம் அணிகள் மறுபடியும் முந்தின. சுவிட்ச் வைத்த மாடலுக்கு அதைத் திருப்பிப் போட்டால் போதும். காலி மைதானப் போட்டிகளை வைத்து முழுசாக மறுபயிற்சி கொடுத்த மாடலுக்கோ, 2021 ஆகஸ்டில் இதே க்யூசம் மணி எதிர்ப்பக்கத்தில் இருந்து அடிக்கத் தொடங்கியிருக்கும்.