புழுக்கமான நாளில் நாய்க்கு வெப்பத்தாக்கம்: முதலில் குளிர்விப்பு, பிறகு பயணம்

மே மாதத்து மாலை ஐந்தரை மணி. சென்னையில் கடற்காற்று வீசத் தொடங்கி, வெயிலும் தணிந்துவிட்டது. ஆறு வயதான, சற்று உடல் பருத்த லேப்ரடார் நாயை அதன் குடும்பத்தார் குடியிருப்பின் திடலுக்கு அழைத்துச் சென்று இருபது நிமிடம் பந்து எறிந்து விளையாட விட்டனர். வீடு திரும்பியதும் நாய் வாசலிலேயே படுத்துக்கொண்டது. மின்விசிறியின் கீழ் பத்து நிமிடம் கிடந்தும் இளைப்பு அடங்கவில்லை. வாயிலிருந்து கெட்டியான எச்சில் நூல் நூலாக வழிந்தது. எழுந்து நிற்க முயன்றபோது பின்னங்கால்கள் தள்ளாடின. பதறிப்போன குடும்பத்தார் உடனே ஆட்டோவில் ஏற்றிப் புறப்பட்டனர். நெரிசலைக் கடந்து எங்களிடம் வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. அப்போது அதன் உடல் வெப்பம் 107 டிகிரி பாரன்ஹீட்.

நான்கு நாள் சிகிச்சைக்குப் பின் அந்த நாய் பிழைத்து வீடு திரும்பியது. ஆயினும் அக்குடும்பத்தாரிடம் நாங்கள் கூறியதையே இங்கும் கூற விரும்புகிறோம்: புறப்படுவதற்கு முன் வீட்டுக் குழாயடியில் பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் அந்த நாய் இத்தனை துன்பப்பட்டிருக்காது.

வெயில் தணிந்த பின்னும் ஏன்?

மனிதருக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. நாய்க்கோ பாதங்களின் அடிப்பகுதியில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். அது தன் உடல் வெப்பத்தை வெளியேற்றப் பெரிதும் நம்பியிருப்பது இளைப்பைத்தான். வாயைத் திறந்து வேகமாக மூச்சு விடும்போது நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகிறது. அவ்வாறு ஆவியாகும் ஈரம் வெப்பத்தையும் கொண்டுசெல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. துவைத்த துணி புழுக்கமான நாளில் கொடியிலேயே ஈரமாகத் தொங்குவதும் இதனால்தான். அந்நிலையில் நாய் எவ்வளவு இளைத்தாலும் குளிர்ச்சி கிடைப்பதில்லை. மாறாக, இளைக்கும் உழைப்பே உடலில் மேலும் வெப்பத்தை உண்டாக்குகிறது. கடற்கரை ஊர்களில் மாலைக் காற்று வெப்பத்தைக் குறைத்தாலும் ஈரத்தைக் கூட்டிவிடுகிறது. ஆகவே, வெயில் இல்லை என்பதை மட்டும் வைத்து அந்த வேளை பாதுகாப்பானது என முடிவு செய்ய இயலாது.

பக், புல்டாக், ஷிட்சு போன்ற தட்டை முக நாய்களுக்கு மூச்சுப் பாதை பிறப்பிலேயே குறுகலானது. அவை விளையாடாமல் மூடிய அறையில் இருந்தாலும் கூட வெப்பத்தாக்கத்துக்கு உள்ளாகலாம். உடல் பருத்தவை, முதியவை, இதய நோய் உள்ளவை ஆகியவற்றுக்கும் இந்த அபாயம் அதிகம்.

எவ்வாறு அறிவது?

நிழலில், காற்றோட்டத்தில் படுக்க வைத்த பிறகும் சில நிமிடங்களில் இளைப்பு தணியத் தொடங்கவில்லை என்றால் அதுவே முதல் எச்சரிக்கை. நாக்கு அகன்று வெளியே தொங்கும், ஈறுகள் வழக்கத்தைவிட அடர்சிவப்பாகத் தோன்றும், எச்சில் கெட்டியாகும். அடுத்ததாக நடை தள்ளாடும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராமல் வெறித்து நோக்கும். வாந்தியோ, சில வேளை இரத்தம் கலந்த பேதியோ ஏற்படும். வலிப்பும் நினைவிழப்பும் இறுதிக் கட்டத்தின் அடையாளங்கள்.

இங்கு ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. கடுமையாக இளைத்துக்கொண்டிருந்த நாய் திடீரென அமைதியானால், தேறிவிட்டது என்று எண்ணிவிடுகின்றனர். அழைத்தால் தலை தூக்காமல், ஈறுகள் வெளிறி அல்லது நீலம் பாரித்துக் கிடக்கும் நாய் ஓய்வெடுக்கவில்லை, தளர்ந்து வீழ்ந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் வெப்பமானி இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பார்க்கலாம். நாயின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. 106 டிகிரியை நெருங்கினால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஆனால் வெப்பமானி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். மேற்கண்ட அறிகுறிகளே போதும்.

முதல் பத்து நிமிடங்கள்

நாயை நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றத் தொடங்குங்கள். கழுத்து, மார்பு, வயிறு, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் மயிரை விரலால் கோதி விட்டு, தோல் வரை நனையுமாறு ஊற்ற வேண்டும். மேல்மயிர் மட்டும் நனைந்தால் பயனில்லை. தலையை உயர்த்திப் பிடித்து, மூக்கிலும் வாயிலும் நீர் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே மின்விசிறியை நாயின் மேல் படுமாறு வையுங்கள். புழுக்கத்தில் நீர் தானாக ஆவியாவது குறைவு. ஆதலால் ஒருமுறை நனைத்துவிட்டு நிறுத்தாமல் தொடர்ந்து ஊற்ற வேண்டும்.

பனிக்கட்டியைத் தேடி நேரத்தை இழக்க வேண்டாம். நாயின் உடலைவிடக் குளிர்ந்த எந்த நீரும் பயன் தரும். ஆனால் கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்நீர் கொதிப்பாக இருக்கக்கூடும். முதலில் கையை நீட்டிப் பாருங்கள்; சுட்டால் தரைத்தொட்டி நீரையோ, நிழலில் வைத்த வாளி நீரையோ பயன்படுத்துங்கள்.

ஈரத் துண்டால் போர்த்தி விடுவது நல்லதென்று பலர் கருதுகின்றனர். அத்துண்டு விரைவில் சூடேறி, வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். ஆகவே போர்த்த வேண்டாம். நாய் தானாகக் குடித்தால் சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுக்கலாம். வாயில் புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். பாராசிட்டமால் போன்ற மாத்திரைகளைக் கட்டாயம் தவிர்க்கவும். இது காய்ச்சல் அன்று. அம்மாத்திரையால் இந்த வெப்பம் குறையாது, நாயின் கல்லீரலுக்குக் கேடும் விளையலாம்.

ஒருவர் தண்ணீர் ஊற்றும்போதே மற்றொருவர் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தெரிவித்து, வண்டிக்கும் ஏற்பாடு செய்யட்டும். வெப்பமானி வைத்திருப்போர் 103.5 டிகிரிக்கு இறங்கியதும் நீர் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் தொடர்ந்தால் உடல் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். வெப்பமானி இல்லாதோர் பத்து நிமிடம் குளிர்வித்துவிட்டுப் புறப்படலாம். காரில் குளிர்சாதனம் ஓடட்டும். ஆட்டோவானால் காற்று நன்றாகப் படும்படி கிடத்தி, ஒரு புட்டி நீரால் வழியிலும் நனைத்து வாருங்கள்.

தேறிவிட்டாலும் வர வேண்டும்

குளிர்வித்த பின் நாய் எழுந்து வாலாட்டினால் மருத்துவமனைக்கு வருவதைச் சிலர் கைவிட்டுவிடுகின்றனர். வெப்பம் உள்ளுறுப்புகளுக்கு இழைத்த தீங்கு உடனே வெளித்தெரிவதில்லை. சிறுநீரகம், குடல், இரத்தம் உறையும் திறன் ஆகியவற்றின் பாதிப்பு அடுத்த ஓரிரு நாட்களில் வெளிப்படலாம். முன்னர்க் குறிப்பிட்ட லேப்ரடாருக்கும் இரண்டாம் நாள்தான் வயிற்றுத் தோலில் சிறு இரத்தப் புள்ளிகள் தோன்றின. இரத்தம் உறைவதில் குறைபாடு ஏற்பட்டிருப்பதை அவை காட்டின. மருத்துவமனையிலேயே இருந்ததால் உடனடியாகச் சிகிச்சை அளிக்க முடிந்தது.

வரும்போது மூன்று செய்திகளைக் குறித்து வாருங்கள்: அறிகுறி தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் குளிர்வித்தீர்கள் என்பது, வெப்பம் பார்த்திருந்தால் அதன் அளவு. வழியிலேயே உடல் குளிர்ந்துவிடுவதால், இங்கு வந்தபின் பார்க்கும் அளவு இயல்பாக இருக்கக்கூடும். வீட்டில் நடந்ததை நீங்கள் கூறினால்தான் பாதிப்பின் உண்மையான கடுமையை நாங்கள் அறிய முடியும்.