பிரிட்டனில் விரிவுரையாளர் வேலை: தேர்வுக் குழு எதைத் தேடுகிறது?

முனைவர் பட்டம் முடித்துவிட்டு பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் நம்மூர் பிள்ளைகள் பலர் அனுப்புவது பத்துப் பக்க பயோடேட்டா. அப்பா பெயர், பிறந்த தேதி, போட்டோ, திருமண விவரம் எல்லாம் அதில் இருக்கும். கலந்துகொண்ட பயிலரங்குகளின் பட்டியலே மூன்று பக்கம் ஓடும். அங்கே இவை எதையும் கேட்பதில்லை. கேட்கிற விஷயமோ அந்தப் பத்துப் பக்கத்தில் இருப்பதில்லை.

முதலில் பதவியின் பெயரைப் புரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் 'லெக்சரர்' என்றால் பெரும்பாலும் பாடமும் நடத்தி ஆய்வும் செய்கிற நிரந்தரப் பணி. அமெரிக்காவின் உதவிப் பேராசிரியருக்கு ஏறக்குறைய இணையானது. அதே சொல் அமெரிக்காவில் பொதுவாகப் பாடம் நடத்துவதற்கு மட்டுமான வேலையைக் குறிக்கும். பிரிட்டனிலும் கற்பித்தலுக்கென்றே தனி இடங்கள் உண்டு. ஆகவே jobs.ac.uk தளத்தில் விளம்பரத்தைப் பார்த்ததும் தலைப்போடு நின்றுவிடாமல், பணி விவரத்தையும் அதோடு வரும் 'பர்சன் ஸ்பெசிஃபிகேஷன்' என்ற தகுதிப் பட்டியலையும் திறந்து படிக்க வேண்டும்.

விண்ணப்பத்தின் தலையெழுத்து அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. கட்டாயம் வேண்டியவை, இருந்தால் நல்லவை என்று அதை இரண்டாகப் பிரித்திருப்பார்கள். முதல் சுற்றில் குழு ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அந்த வரிகளோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. 'ஆய்வு நிதி பெறும் திறன்' கட்டாயம் என்று இருந்து, நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாவிட்டால், உங்களிடம் நாற்பது கட்டுரைகள் இருந்தாலும் அந்தக் கட்டம் காலிதான்.

கட்டுரைகளின் எண்ணிக்கை அங்கே ஏன் செல்லுபடியாவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு முழுக்க மதிப்பிடுகிறார்கள். அரசின் ஆய்வு நிதியில் ஒரு பகுதி அதை வைத்துத்தான் பிரிகிறது. 2021 மதிப்பீட்டில் ஒரு முழுநேர ஆசிரியருக்குச் சராசரியாக இரண்டரை வெளியீடுகளே கேட்கப்பட்டன. எனவே உங்கள் கட்டுரைகளில் எந்த மூன்று முக்கியம், அவற்றில் உங்கள் பங்கு என்ன என்று சொல்வதே அங்கே பயன்படும்.

தோழி ஒருவரின் விண்ணப்பத்தை நான் கூட இருந்து பார்த்தேன். நாகப்பட்டினம் கரையோரம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுவதுதான் அவருடைய ஆய்வு. ஆய்வறிக்கை, அதாவது 'ரிசர்ச் ஸ்டேட்மென்ட்', இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள். அவர் எழுதிய முதல் வரைவில் முனைவர் பட்ட ஆய்வின் சுருக்கமே ஒன்றே முக்கால் பக்கம் போயிருந்தது. 'எதிர்காலத்தில் இந்த ஆய்வை விரிவுபடுத்த விரும்புகிறேன்' என்ற ஒற்றை வரியோடு முடிந்தது. நேற்று செய்தது நிறைய இருந்தது. நாளை செய்யப்போவது அந்த ஒரு வரிதான். குழு சம்பளம் கொடுக்கப்போவது நாளைக்கு.

இரண்டாவது வரைவு ஒரு கேள்வியோடு தொடங்கியது: கரையோரக் கிணறுகள் உப்பாக மாறப்போவதைச் சில ஆண்டுகள் முன்னதாகவே சொல்ல முடியுமா? அடுத்த பத்தியில், அதுவரை தான் கண்டுபிடித்ததில் இந்தக் கேள்விக்கு உதவும் இரண்டு முடிவுகளை மட்டும் வைத்தார். மீதி இடம் முழுக்க ஐந்தாண்டுத் திட்டம். முதல் இரண்டு ஆண்டில் கையில் இருக்கும் நாகை அளவீடுகளை வைத்து முறையைச் சரிபார்ப்பது. பிறகு அதே முறையைத் தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை நீரடுக்கில் சோதிப்பது. பிரைட்டன் பக்கத்தில் கடல்நீர் புகும் சிக்கல் பழையது என்பதால், அங்கே அது இரவல் ஆய்வாகத் தோன்றாது. எந்த நிதி மன்றத்திடம், எந்த ஆண்டில், எதற்காகப் பணம் கேட்பேன் என்றும் எழுதினார். துறையின் எந்தக் கருவிக்கூடம் உதவும் என்பதையும் அவர்களுடைய இணையப் பக்கத்தைப் படித்துச் சேர்த்தார். வழிகாட்டியின் நிழலிலிருந்து வெளியே வந்து தனியாக என்ன செய்வார் என்பது அந்த இரண்டு பக்கத்தில் தெரிந்தது.

கற்பித்தல் குறிப்பில் நம்மவர்கள் சறுக்குவது வேறு மாதிரி. 'மாணவர்களை மையமாகக் கொண்ட கல்வியில் நம்பிக்கை உள்ளவன்' என்று எழுதுவார்கள். அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். தோழி ஒரே ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டார். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஒரு மீட்டர் நின்றால், அது கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும். அந்த ஒரு மீட்டர் அரை மீட்டராகக் குறைந்தால் உப்புநீர் எவ்வளவு ஏறும் என்று வகுப்பில் கேட்டபோது, பலரும் அரை மீட்டர் என்றே சொன்னார்களாம். சரியான விடை 20 மீட்டர். கண்ணாடித் தொட்டியில் மணல் நிரப்பி, சாயம் கலந்த உப்புநீர் விட்டு, ஊசிக்குழாயால் மேலே நல்ல நீரை உறிஞ்சிக் காட்டினார். ஒரு வாரம் கழித்து அதே கேள்வியை வேறு எண்களோடு கேட்டுப் பார்த்தார். மாணவர் எங்கே தவறினர், அவர் எதை மாற்றினார், மாற்றியது பலித்ததா என்ற மூன்றும் அந்தக் குறிப்பில் இருந்தன. கூடவே, விளம்பரம் கொடுத்த துறையின் எந்தப் பாடங்களைத் தன்னால் உடனே ஏற்று நடத்த முடியும் என்று பெயரோடு சொன்னார்.

நேர்முகத்துக்கு அழைப்பவர்கள் பெரும்பாலும் நாலைந்து பேர்தான். அந்த நாளின் முதல் பாதியில் வருவது 'ஜாப் டாக்'. அமெரிக்காவில் இது ஒரு மணி நேரம் வரை நீளும், வளாகத்தில் இரண்டு நாள் தங்கிப் பலரைச் சந்திக்க வேண்டியிருக்கும். பிரிட்டனில் பொதுவாக 15 முதல் 20 நிமிடப் பேச்சும் அதன் பிறகு கேள்விகளும். தலைப்பை அவர்களே முன்கூட்டி அனுப்புவார்கள். சிலர் ஆய்வைப் பேசச் சொல்வார்கள், சிலர் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு பாடம் எடுப்பதுபோலப் பேசச் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்பதும் உண்டு. அந்த வாக்கியத்தை நாலு முறை படிக்க வேண்டும். கேட்டதை விட்டுவிட்டு மாநாட்டு உரையை அப்படியே வாசித்தவர்கள் அங்கேயே தோற்றுவிடுகிறார்கள்.

எதிரே இருப்பவர்களில் உங்கள் துறை நுணுக்கம் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான். நிலத்தடி நீர் ஆய்வாளர் பேசும் அறையில் நகரமயமாதலை ஆராய்கிறவரும் பனிப்பாறையை ஆராய்கிறவரும் இருப்பார்கள். தோழி முதல் ஒத்திகையில் 34 ஸ்லைடு வைத்திருந்தார். பன்னிரண்டாவது நிமிடத்தில்தான் ஆய்வின் கேள்வியே வந்தது. இறுதியில் 11 ஸ்லைடாகக் குறைத்தார். முதல் மூன்று நிமிடம் அந்த ஒன்றுக்கு நாற்பது கணக்கு. பனிப்பாறைக்காரருக்கும் அது புரியும். அடுத்த எட்டு நிமிடம் ஒரே ஒரு முடிவு, நிபுணர் மதிக்கும் ஆழத்தில். மிச்சம் வரும் ஐந்தாண்டு.

கேள்வி நேரத்தில்தான் பலருக்குக் கை நடுங்கும். 'உங்கள் வழிகாட்டியும் இதையே செய்கிறாரே, உங்களுடையது எது?' என்று கேட்பார்கள். 'நிதி கிடைக்காவிட்டால்?' என்றும் கேட்பார்கள். இரண்டுக்கும் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லி, அதை எப்படிச் சோதிப்பேன் என்று தொடர்வது அங்கே குறையாகப் படுவதில்லை. தோழியிடம் ஒருவர் அலையேற்றத்தின் பாதிப்பைக் கேட்டார். அதை அவர் அளக்கவில்லை. அளக்க எந்தக் கிணறுகளில் எவ்வளவு இடைவெளியில் கருவி வைக்க வேண்டும் என்று சொன்னார்.

பிற்பகலில் நேர்முகக் குழு. எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்டுக் குறிப்பெடுப்பார்கள். இடையே நடக்கும் மதிய உணவில் துறை ஆசிரியர்களோடு பேசுவதையும் வேலையின் பகுதியாகவே கருதுங்கள்.

தோழிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. என்ன குறை என்று மின்னஞ்சலில் கேட்டார். ஆய்வு நன்று, நிதித் திட்டத்தின் முதல் படி பெரிதாக இருந்தது, சிறிய தொகையில் தொடங்கியிருக்கலாம் என்று பதில் வந்தது. அந்தப் பத்தியை மட்டும் திருத்தி அடுத்த இடத்துக்கு அனுப்பினார். இரண்டாவது முறை வேலை கிடைத்தது. நேர்முகம் வரை போய்த் திரும்பியவர்கள் அந்த ஒரு மின்னஞ்சலை அனுப்பத் தயங்காதீர்கள்.