பெயருக்கு நாலு வரி கீழே

மொத்த ஜவுளி வியாபாரி ஒருவரின் கணக்கு மென்பொருள், மாதக் கணக்கை எக்செல் தாளில் இறக்கித் தருகிறது. ஆனால் ஒரு கடைக்கு ஒரு வரி என்று தருவதில்லை. A22 கட்டத்தில் ‘கடை-14’ என்ற பெயர். அதன் கீழே வரிக்கு ஒன்றாகப் பழைய பாக்கி 8,000, புதுச் சரக்கு 6,500, கட்டிய பணம் 10,250, கடைசியில் நிலுவை 4,250. தொகைகள் எல்லாம் பக்கத்து B நெடுவரிசையில். அவருக்கு வேண்டியது நிலுவை மட்டும், நூற்றுச் சொச்சம் கடைகளுக்கு.

பலரும் முதலில் VLOOKUP போட்டுப் பார்ப்பார்கள். அது பெயர் இருக்கும் அதே வரியில்தான் தேடித் தரும், கீழே இறங்காது. இங்கே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று MATCH சொல்லும். அந்த எண்ணோடு நான்கைக் கூட்டி INDEX-இடம் கொடுத்தால், அந்த இடத்துத் தொகையை அது எடுத்துத் தரும். D2-வில் கடையின் பெயரை எழுதிவிட்டு, E2-வில்:

```
=INDEX(B:B, MATCH(D2, A:A, 0) + 4)
```

MATCH 22 என்கிறது, நாலு சேர்ந்தால் 26, B26-இல் 4,250.

அந்த +4 அடைப்புக்குறிக்கு உள்ளே இருப்பதைக் கவனியுங்கள். கை தவறி வெளியே போனால், பெயருக்கு நேரே உள்ள வெற்றுக் கட்டத்தோடு நான்கைக் கூட்டி, எல்லாக் கடைக்கும் 4 என்றே காட்டும். கடைசியில் உள்ள 0, பெயர் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும் என்பதற்காக. அதை விட்டுவிட்டால், பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதாக எக்செல் எடுத்துக்கொண்டு வேறு யாருடைய வரியையோ பிடித்துக்கொள்ளும்.

MATCH தருவது தாளின் வரி எண் அல்ல, நீங்கள் கொடுத்த பரப்புக்குள் அது எத்தனையாவது என்பதை. தேடலை A5:A500 என்று சுருக்கி, B:B-யை அப்படியே விட்டால், 22-க்குப் பதில் 18 வரும். நாலு கூட்டினால் B22, அதாவது வெற்றுக் கட்டம். எக்செல் 0 என்று காட்டும். பாக்கியே இல்லை என்று நினைத்துக் கடைக்காரரை விட்டுவிடுவோம்! இரண்டு பரப்புகளும் ஒரே வரியில் தொடங்கினால் இந்தச் சிக்கல் வராது.

#N/A வந்தால் நான் பயப்படமாட்டேன். பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும். LEN போட்டு எழுத்தை எண்ணினால் தெரிந்துவிடும். எனக்குப் பயம், ஒரு கடைக்கு மட்டும் ‘திரும்பிய சரக்கு’ என்று கூடுதலாக ஒரு வரி நுழையும்போதுதான். நாலாவது வரியில் அப்போது கட்டிய பணம் இருக்கும். ஃபார்முலா அதையே நிலுவை என்று தரும், பிழை எதுவும் காட்டாது. அதனால் F2-வில் இதையும் போட்டு வைப்பேன்:

```
=INDEX(A:A, MATCH(D2, A:A, 0) + 4)
```

இது தொகைக்குப் பதில் அதன் தலைப்பைக் காட்டும். ‘நிலுவை’ என்று வராத கடைகளை மட்டும் வடிகட்டி எடுத்து, தாளில் நேராகப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.