கண்ணாடியைத் தின்னும் 'பலவீனமான' அமிலம்

வேதியியல் ஆய்வகத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கண்ணாடிப் புட்டியில் வருடக்கணக்கில் இருக்கும். புட்டிக்கு ஒன்றும் ஆகாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தை அப்படி வைக்க முடியாது. அதற்குப் பாலிஎத்திலீன் போன்ற பிளாஸ்டிக் புட்டிதான் வேண்டும். 1771-இல் சுவீடனின் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, ஃபுளூர்ஸ்பார் என்ற கனிமத்தைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துக் கண்ணாடி வாலையில் சூடாக்கினார். கிளம்பிய ஆவி வாலையின் உட்புறத்தையே அரித்துவிட்டது.

ஆனால் பாடப்புத்தகத்தைத் திறந்தால், கண்ணாடியைத் தின்னும் அமிலம் 'வலிமை குறைந்தது' என்ற பட்டியலிலும், கண்ணாடியைத் தொடாத அமிலம் 'வலிமை மிக்கது' என்ற பட்டியலிலும் இருக்கும். படிக்கிற பிள்ளைகளுக்குக் குழப்பம் வருவது நியாயம்தான்.

குழப்பத்தின் முதல் பாதி எளிதில் தீரும். வேதியியலில் ஓர் அமிலத்தின் வலிமை என்பது அது எதை அரிக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. தண்ணீரில் கரைந்த மூலக்கூறுகளில் எத்தனை தம் ஹைட்ரஜனை அயனியாக விட்டுக்கொடுக்கின்றன என்பதுதான் கணக்கு. ஒரு லிட்டரில் 0.1 மோல் கரைத்தால், HCl மூலக்கூறுகள் ஏறக்குறைய அத்தனையும் பிரிந்துவிடும். அதே அளவு HF கரைத்தால், நூறில் எட்டுதான் பிரியும். மற்ற தொண்ணூற்றிரண்டும் முழு மூலக்கூறாகவே தண்ணீரில் கிடக்கும். கண்ணாடி அரிபடுவது வேறு கதை. சிலிக்கானோடு ஃபுளூரின் மிக உறுதியாகப் பிணைந்துகொள்ளும். அந்த ஈர்ப்புதான் கண்ணாடியைக் கரைக்கிறது. குளோரினுக்கு அந்தத் திறமை இல்லை.

இரண்டாம் பாதிதான் சுவாரசியமானது. HF ஏன் பிரிய மறுக்கிறது?

வகுப்பறையில் கிடைக்கும் வழக்கமான பதில், பிணைப்பு. ஃபுளூரின் அணு சிறியது. ஹைட்ரஜனை மிக அருகில் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஒரு மோல் HF-இன் பிணைப்பை உடைக்கச் சுமார் 570 கிலோஜூல் ஆற்றல் செலவாகும்; HCl-க்கு 432 போதும். பிணைப்பு வலுவானது, அதனால் ஹைட்ரஜன் கழலவில்லை, அதனால் அமிலம் பலவீனமானது. கேட்க நன்றாக இருக்கிறது. தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும்.

ஆனால் கூர்மையான மாணவர் ஒருவர் இங்கே கை தூக்குவார். பிணைப்பு உடைவதோடு கதை முடியவில்லையே. உடைந்து வந்த ஃபுளூரைடு அயனி தண்ணீருக்குள் அல்லவா போகிறது? ஃபுளூரின் சிறியது என்பதால்தானே பிணைப்பு வலுவானது? அதே சிறிய உருவத்தில் ஓர் எதிர்மின் சுமை குவிந்திருந்தால், தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சுற்றி இன்னும் நெருக்கமாக மொய்த்துக்கொள்ளும். நீரேற்றம் எனப்படும் அந்த மொய்ப்பில் வெளிவரும் ஆற்றல், பிணைப்பை உடைக்கச் செலவானதைத் திருப்பித் தந்துவிடாதா?

இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டுமானால் வரவு செலவு எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வேதியியலாளர்கள் அதற்கு ஒரு கற்பனைப் பாதையை வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் கிடக்கும் மூலக்கூறை முதலில் வெளியே இழுக்க வேண்டும். வெளியே வைத்து அதன் பிணைப்பை உடைக்க வேண்டும். ஹைட்ரஜனிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி மற்ற அணுவுக்குக் கொடுக்க வேண்டும். கடைசியில் இரண்டு அயனிகளையும் தண்ணீருக்குள் இறக்கிவிட வேண்டும். உண்மையில் குடுவைக்குள் இப்படி நடப்பதில்லை. ஆனால் புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒன்றுதான் என்பதால் மொத்தக் கணக்கு மாறாது. ஹைட்ரஜனைச் சேர்ந்த செலவும் வரவும் இரண்டு அமிலங்களுக்கும் ஒன்றே. அவற்றை அடித்துவிடலாம். வித்தியாசம் எங்கே என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

முதலில் அந்த இரண்டு பெரிய தொகைகள். பிணைப்பை உடைக்க HF-க்குக் கூடுதலாக ஆகும் செலவு 138 கிலோஜூல். நீரேற்றத்தில் ஃபுளூரைடு தருவது சுமார் 510, குளோரைடு தருவது சுமார் 367. ஆக HF-க்குக் கூடுதலாகக் கிடைக்கும் வரவு 143. கை தூக்கிய மாணவர் கேட்டது சரிதான். பிணைப்புக்காகக் கொடுத்ததை நீரேற்றம் முழுவதுமாகத் திருப்பித் தந்துவிடுகிறது. ஐந்து கிலோஜூல் மிச்சமும் வைக்கிறது.

அப்படியானால் பாடப்புத்தகத்தின் பதில் என்ன ஆனது? தனியாக நிற்காது என்றுதான் சொல்ல வேண்டும். வரிசையாக HCl, HBr, HI என்று இறங்கும்போது பிணைப்பு தளர்வதும் அமிலம் வலுப்பதும் ஒத்துப்போகின்றன. அதைச் சொல்வதில் தவறில்லை. HF-ஐ மட்டும் தனியே எடுத்து "ஏன்" என்று கேட்டால், பிணைப்பை மட்டும் காட்டுவது பாதிக் கணக்கோடு நோட்டை மூடுவது போன்றது.

மீதி வித்தியாசம் இரண்டு சிறிய தொகைகளில் ஒளிந்திருக்கிறது. ஒன்று எலக்ட்ரான் நாட்டம். எலக்ட்ரானை ஏற்கும்போது குளோரின் அணு 349 கிலோஜூல் தருகிறது. ஃபுளூரின் 328 மட்டும்தான் தருகிறது. ஃபுளூரின் அணு அவ்வளவு சிறியது. ஏற்கெனவே உள்ள எலக்ட்ரான்கள் புதிதாக வருவதை நெருக்கித் தள்ளுகின்றன. இதில் HF-க்கு நட்டம் 21.

மற்றொன்றைப் பலரும் கவனிப்பதே இல்லை. பிரியாத HF மூலக்கூறே தண்ணீரில் சௌகரியமாகத்தான் இருக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பால் அது தண்ணீரோடு கைகோத்துக்கொண்டிருக்கிறது. அதை வெளியே இழுக்கச் சுமார் 47 கிலோஜூல் வேண்டும், HCl-க்குப் பதினெட்டுதான். இதில் நட்டம் 29. HF-இன் இந்த ஒட்டும் குணத்தைத் தனியாகவும் பார்க்கலாம்: தூய HCl மைனஸ் 85 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும், HF-ஓ தன் மூலக்கூறுகளோடு தானே கைகோத்துக்கொண்டு 19.5 டிகிரி வரை திரவமாக இருக்கும்.

எல்லாவற்றையும் கூட்டினால் HF-இன் நிலை HCl-ஐவிட 45 கிலோஜூல் மோசம். சரி, விடை கிடைத்துவிட்டது என்று எழுந்துவிடலாமா? கூடாது. HF தண்ணீரில் பிரியும்போது மொத்தத்தில் வெப்பம் உள்ளே போகவில்லை. சுமார் 13 கிலோஜூல் வெளியேதான் வருகிறது. HCl-க்கு வெளிவருவது 58 அளவில். அதாவது வெப்பக் கணக்கை மட்டும் பார்த்தால், HF-கூடப் பாதிக்கு மேல் பிரிந்திருக்க வேண்டிய அமிலம். ஆனால் எட்டு சதவீதத்தில் நின்றுவிடுகிறது.

அதை நிறுத்துவது எண்ட்ரோபி. கரைசலில் மூலக்கூறுகள் தம் போக்கில் அலையும் சுதந்திரத்தின் அளவு என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு ஃபுளூரைடு அயனி பிறந்ததும், சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் தம் ஹைட்ரஜன் முனையை அதன் பக்கம் திருப்பிக்கொண்டு இறுக்கமாக நின்றுவிடுகின்றன. அதுவரை புரண்டு திரிந்தவை அசையாமல் கட்டுண்டு போகின்றன. அந்தச் சுதந்திர இழப்புக்கும் ஒரு விலை உண்டு. 25 டிகிரியில் அது ஒரு மோலுக்குச் சுமார் 31 கிலோஜூல். கிடைத்த 13-ஐக் கழித்தால் நிகரமாக 18 கிலோஜூல் நட்டம். அந்தப் பதினெட்டிலிருந்துதான் நூற்றுக்கு எட்டு என்ற விகிதம் வருகிறது. குளோரைடு பெரியது, தண்ணீரைத் தளர்வாகவே பிடிக்கிறது. அதற்கான விலை ஏறக்குறைய 14. ஐம்பத்தெட்டில் பதினான்கு போனாலும் நாற்பதுக்கு மேல் கையில் நிற்கிறது. அதனால் HCl தயங்காமல் பிரிகிறது. (HCl-இன் எண்கள் மதிப்பீடுகளே, தண்ணீரில் பிரியாத HCl அளந்து பார்க்கும் அளவுக்குக் கிடைப்பதில்லை.)

ஆக, நீரேற்றத்துக்கு இரண்டு முகம். பிணைப்புக்கான கடனை அடைத்த அதே இறுக்கம், தண்ணீரைக் கட்டிப்போட்டதற்கான தண்டத்தையும் வசூலிக்கிறது. கொடுத்த கையே பறித்துக்கொள்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழியும் இருக்கிறது. பிரியும்போது வெப்பம் வெளிவருகிறது என்றால், கரைசலைச் சூடாக்கினால் பிரிவது குறைய வேண்டும். HF அப்படித்தான் நடந்துகொள்கிறது: வெப்பம் ஏற ஏற அது இன்னும் பலவீனமாகிறது. உறுதியான பிணைப்பை உடைப்பது மட்டுமே தடை என்றிருந்தால், சூடு உதவியிருக்க வேண்டும்.

கேள்வி பழையது. 1956-இல் லைனஸ் பாலிங் ஒரு வேதியியல் கல்வி இதழில் இதையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதி, ஃபுளூரினின் எலக்ட்ரான் கவர்தன்மையோடு தொடர்புபடுத்தினார். 1980-இல் கிகேர், டரல் என்ற இருவர் அகச்சிவப்புக் கதிர்களால் கரைசலை ஆராய்ந்து வேறொரு சித்திரம் தந்தார்கள். ஹைட்ரஜன் தண்ணீருக்குத் தாவிவிடுகிறது; ஆனால் அப்படி உருவான H₃O⁺ அயனியை ஃபுளூரைடு விடாமல் பக்கத்திலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது என்றார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை. எந்தச் சித்திரத்தை ஏற்றாலும், தனித்துத் திரியும் அமில அயனிகள் குறைவு என்பது மாறாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'பலவீனம்' என்ற பட்டம் தண்ணீர் கலந்த, நீர்த்த கரைசலுக்கு மட்டும்தான். செறிவு கூடும்போது ஃபுளூரைடு அயனியை இன்னொரு HF மூலக்கூறு பிடித்துக்கொண்டு HF₂⁻ ஆக்கிவிடும். அதனால் மேலும் மூலக்கூறுகள் பிரியும். துளித் தண்ணீரும் இல்லாத தூய HF, தூய கந்தக அமிலத்தையே மிஞ்சும் அமிலத்தன்மை கொண்டது.

பட்டத்தை நம்பி ஏமாறக் கூடாத இடம் மனித உடல். பிரியாத HF மூலக்கூறுக்கு மின்சுமை இல்லை. அதனால் அது தோலைக் கடந்து ஆழமாக இறங்கிவிடும். உள்ளே போன பிறகு ஃபுளூரைடு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் கால்சியம் சரிந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். HCl பட்டால் உடனே எரியும், கை தானாகத் தண்ணீரைத் தேடும். 20 சதவீதத்துக்குக் குறைவான HF பட்டால், வலி தெரிய ஒரு நாள்கூட ஆகலாம். கண்ணாடியில் வேலைப்பாடு செய்பவர்களும், சில வகைத் துரு நீக்கிகளைக் கையாள்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். தோலில் பட்டது என்று சந்தேகம் வந்தால், வலிக்காகக் காத்திருக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் உடனே கழுவுங்கள், மருத்துவமனைக்கு விரையுங்கள், பட்டது ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் என்று பெயரைச் சொல்லுங்கள். அதற்கான மருந்து கால்சியம் குளுக்கோனேட். பெயர் தெரிந்தால்தான் மருத்துவர் அதை எடுப்பார்.