இருபது பல் பூண்டும் ஒரு சொம்புத் தண்ணீரும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் அந்த அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மறுமுனையில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மகள். சிசேரியன் ஆகி ஒன்பதாம் நாள். விசா வராததால் அம்மாவால் போக முடியவில்லை. மகளுக்கு உதவி கணவர் ஒருவர்தான், அவருக்கும் சோறு வைக்க மட்டும்தான் தெரியும்.

"அம்மா, பூண்டுக் குழம்புக்கு எத்தனை பல்லுங்க?"

"இருவது பல்லு உரிச்சுக்கோ கண்ணு. நல்லெண்ணெயத் தாராளமா ஊத்து."

முந்தின நாளும் இருபது பல்தான். சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல் தொடங்கி ராத்திரி முழுக்க மகள் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். "பூண்டு சேரலைன்னா பால் எப்படிங்கம்மா வரும்?" என்று கேட்கும்போது குரல் உடைந்தது.

கோளாறு பூண்டில் இல்லை, பல்லின் அளவில் இருந்தது. அம்மா வாங்குவது சின்னப் பல் நாட்டுப்பூண்டு. அதில் இருபது பல் சேர்ந்தாலும் முப்பது கிராம் பக்கம்தான் வரும். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் பூண்டில் ஒரு பல்லே ஐந்து, ஆறு கிராம். அதில் இருபது என்றால் நூறு கிராமைத் தாண்டிவிடும். கண்ணளவும் கையளவும் கடல் தாண்டும்போது இப்படித்தான் பிசகுகின்றன. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பக்குவம் சொல்லும் அம்மாக்கள் பூண்டை மட்டுமாவது கிராமில் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு வேளைக்கு வேண்டிய அளவு இது: பூண்டு 30 கிராம், சின்ன வெங்காயம் பத்து, மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், மல்லி இரண்டு டீஸ்பூன், துவரம் பருப்பு ஒரு டீஸ்பூன், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, சின்ன நெல்லிக்காய் அளவு புளி, மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய்.

வறுப்பதில் வரிசை முக்கியம். முதலில் பருப்பும் மல்லியும், அவை சிவக்கத் தொடங்கும்போது மிளகு. மிளகு ஒன்றிரண்டு வெடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே சீரகத்தைப் போட வேண்டும். சீரகம் நொடியில் கருகும். கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும். எண்ணெயில் வெங்காயத்தையும் பூண்டையும் சிறு தீயில் வதக்கி, புளித்தண்ணீர் ஊற்றி, அரைத்ததைக் கரைத்துவிட வேண்டும். ஒரு பல்லை எடுத்துக் கரண்டியால் அழுத்தினால் வெண்ணெயாக நசுங்க வேண்டும். நடுவில் கட்டியாக இருந்தால் இன்னும் வேகவில்லை. வேகாத பூண்டுதான் வயிற்றை எரிக்கும், ஏப்பத்தில் எதிர்க்கும். பூண்டு குழைந்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மிதக்கும்போது இறக்கலாம். மிளகு வறுக்கும் நேரத்தில் மட்டும் குழந்தை வேறு அறையில் இருக்கட்டும், அந்த நெடி பெரியவர்களையே இருமவைக்கும்.

இந்தக் குழம்பில் மிளகாய் கிடையாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், போர்த்துக்கீசியர் வந்த பிறகு நம் அடுப்புக்கு வந்தவை. அதற்கு முன் காரம் என்றால் மிளகுதான். நம்முடைய தினசரிச் சமையல் மாறியபோதும், பிள்ளை பெற்றவளின் தட்டு மட்டும் அந்தப் பழைய சமையலையே பெரிதும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது எனக்குப் பெரும் வியப்பு.

சரி, பூண்டு பால் சுரக்கவைக்குமா? பாலைச் சுரக்கவைப்பது குழந்தை உறிஞ்சுவது. உறிஞ்ச உறிஞ்ச, தாயின் மூளையிலிருந்து புரோலாக்டின் சுரந்து பாலை ஊறச் செய்கிறது. மார்பு காலியாகக் காலியாக அடுத்த பால் வேகமாக ஊறும். முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை ஊட்டுவதற்கு ஈடாக எந்தக் குழம்பும் இல்லை.

ஆனால் பூண்டு பாலுக்குள் போவது உண்மை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லாவும் கேரி பியூச்சாம்ப்பும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், தாய் பூண்டு உட்கொண்ட இரண்டு மணி நேரம் வாக்கில் பாலில் அதன் மணம் உச்சத்துக்கு வந்தது. அந்த வேளையில் குழந்தைகள் முகம் திருப்பவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பைப் பற்றியிருந்தன.

பால் போதுமா என்பதைக் குழந்தையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு நாப்பியாவது நன்றாக நனைய வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும். "எத்தனை நாப்பி நனைஞ்சுது சாமி?" என்று இந்த அம்மா கேட்டார். ஏழு என்றாள் மகள். அப்படியானால் பால் இருக்கிறது.

அதன் பிறகுதான் அம்மா சொன்னார்: "தண்ணி ரொம்பக் குடிச்சுப்போடாத. புண்ணு ஆறாது, வயிறு தொங்கிப்போயிரும். பருப்பும் வேண்டாம், குழந்தைக்கு வாயு."

இங்கேதான் பத்தியம் மருந்தாக இல்லாமல் கேடாக மாறுகிறது. பர்மிங்காம் டாக்டர்கள் அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் தினமும் ஓர் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு கால் நரம்பில் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி அது. சிசேரியன் ஆனவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். தண்ணீரைக் குறைத்தால் அந்த ஆபத்து கூடுமே தவிரக் குறையாது. கூடவே மலம் இறுகும், தையலில் வலி ஏறும். வயிறு தளர்ந்திருப்பதற்குக் காரணம் ஒன்பது மாதம் விரிந்த தசை, குடிக்கும் தண்ணீர் அல்ல. ஊட்ட உட்காரும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்க வேண்டும்.

பருப்புச் சாப்பிட்டால் வாயு தாயின் குடலில் உண்டாகும், பாலில் ஏறாது. பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் தாய்க்கு ஒரு நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். பூண்டுக் குழம்பும் சோறும் மட்டும் போட்டால் புரதத்துக்கு எங்கே போவது? ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர், ஒரு முட்டை, கீரை, கிடைத்தால் மீன் என்று தட்டு நிறைய வேண்டும். நம் பாட்டிமார் கருவாடும் மீனும் கொடுத்தது வீணாக இல்லை.

ஊசி போட்டுக்கொண்டே பூண்டுக் குழம்பு சாப்பிடலாமா என்று மகள் கேட்டாள். சமையல் அளவில் சாப்பிடலாம். கடையில் விற்கும் பூண்டு மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது, அதில் இரத்தத்தை இளக்கும் குணம் செறிந்திருக்கும்.

வெளிநாட்டில் மகளை வைத்திருக்கும் அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைகிறதா? காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டதா? போக்கில் துர்நாற்றம் இருக்கிறதா? ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? தலைவலியோடு பார்வை மங்குகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் "மிளகு ரசம் வை" என்று சொல்லாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணச் சொல்லுங்கள்.